கிராபிக்ஸ் மெமரி: பிழையே காட்டாமல் வேகம் குறையும் இடத்தைக் கண்டறிவது எப்படி?

குழுவினருக்கு வணக்கம். திருப்பூரில் பனியன் டிசைன்களை ரெண்டர் செய்யும் என் கணினியில், ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரியின் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒரே காட்சியை மும்முறை ஓட்டி நேரம் குறித்தேன். தொடக்கத்தில் 96 நொடி. +800-இல் 92 நொடி. +1100-இல் திரையில் ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை, ஆனால் நேரம் 97 நொடியாகிவிட்டது. பழுதாக வந்த தரவை மெமரி கன்ட்ரோலர் கண்டுபிடித்து மறுபடி அனுப்ப வைப்பதால் பிழை மறைகிறது, அந்த மறு அனுப்புதலில் கிடைத்த வேகமும் கரைகிறது என்பது புரிகிறது. கோரின் வேகம் ஏறி இறங்கிக் குழப்பாதிருக்க அதை முதலிலேயே பூட்டிவிட்டேன்:

```
nvidia-smi -lgc 1800,1800
```

எனினும், தகரக் கூரையடியில் மதியம் மெமரி 96 டிகிரியைத் தொடும்போது, +700-லேயே நேரம் கூடத் தொடங்குகிறது. அரைமணி நேரம் சூடேற்றிய பிறகு கிடைக்கும் உச்சத்தையே கணக்கில் கொண்டு, அதற்கும் 100 கீழே நிறுத்துவது சரியா? ரெண்டர் நேரம் கோரையும் சார்ந்தது என்பதால், மெமரியின் பேண்ட்வித்தை மட்டும் அளக்கும் சோதனை எதையேனும் பயன்படுத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.