ஏற்காட்டில் பிஎஸ்5: ஸ்பைக் பஸ்டர் போதுமா, ஸ்டெபிலைசர் வேண்டுமா?

நாகலூர்_காபி:
வணக்கம். எங்கள் வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வரும் ஈபி லைன் என்பதால், காற்றடித்தால் கரண்ட் வந்து வந்து போகும். சாயங்காலம் மீட்டரில் 175 வோல்ட் காட்டுகிறது, நடுராத்திரியில் 250. சில நாள் விளையாட்டின் நடுவே பிஎஸ்5 தானாக அணைந்துவிடுகிறது. நல்ல ஸ்பைக் பஸ்டர் போட்டிருக்கிறேன், பயன் இல்லை. ஸ்டெபிலைசர் வாங்கினால் சரியாகுமா?

அஸ்தம்பட்டி_குமார்:
கண்டிப்பாக ஸ்டெபிலைசர் போடுங்கள் நண்பரே. எங்கள் ஃப்ரிட்ஜுக்குப் போட்ட பிறகு ஒரு தொல்லையும் இல்லை. ஸ்பைக் பஸ்டர் லோ வோல்டேஜுக்கு ஒன்றும் செய்யாது.

மின்பொறி_சேலம்:
குமார் சொன்னதில் கடைசி வரி சரி. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வேரிஸ்டர், இடி மின்னல் போல நொடியில் வந்து போகும் உச்சத்தைத்தான் பிடிக்கும். வோல்டேஜ் நிமிடக்கணக்கில் ஏறியே நின்றால் அது சூடாகிக் கருகிவிடும். சுவிட்சில் எரியும் சிவப்பு விளக்கு கரண்ட் வருவதை மட்டும் காட்டும், பாதுகாப்பு மிச்சம் இருக்கிறதா என்று காட்டாது.

ஆனால் ஃப்ரிட்ஜும் பிஎஸ்5-ம் ஒன்றல்ல. கன்சோலின் லேபிளில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் 175 அதற்குப் பிரச்சினையே இல்லை. அணைவதற்குக் காரணம் பெரும்பாலும் கண் சிமிட்டும் நேரம் கரண்ட் அறுந்து வருவதுதான். சாதாரண ரிலே ஸ்டெபிலைசர் 'டக்' என்று மாறும்போது அதுவே ஒரு சின்ன இடைவெளி விடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 175-ஐ 210 ஆக்க அது 20 சதவீதம் ஏற்றி வைத்திருக்கும். அந்த நேரம் லைன் திடீரென 260-க்குத் தாவினால், ரிலே மாறும் வரை உங்கள் கன்சோலுக்கு 312 போகும். நீங்கள் பயப்பட வேண்டியது மேல் வோல்டேஜுக்குத்தான்.

அதனால் முதலில் ஒன்று பாருங்கள். வீட்டுக்கு மூன்று பேஸ் வருகிறதா? வேறு பேஸில் உள்ள கீசரைப் போட்டால் ஹாலில் வோல்டேஜ் இறங்குகிறதா, ஏறுகிறதா?

மலைவாசி_அக்கா:
எங்கள் வீட்டில் போன மழைக்கு டிவியின் எச்டிஎம்ஐ போர்ட் போய்விட்டது. ஸ்டெபிலைசர் இருந்தும் போனது தம்பி. கேபிள் வயர் வழியாக வந்தது என்றார்கள்.

மின்பொறி_சேலம்:
அக்கா சொல்வது நடக்கக் கூடியதுதான். இடி தொடங்கும் முன்பே கரண்ட் பிளக், கேபிள் வயர், லேன் வயர் மூன்றையும் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் விழும் இடிக்கு முன்னால் எந்தப் பெட்டியும் நிற்காது.

நாகலூர்_காபி:
அண்ணா, மூன்று பேஸ்தான். இப்போது பார்த்தேன். ஹாலில் 228 இருந்தது, கீசர் போட்டதும் 251 ஆகிவிட்டது! அணைத்தால் பழையபடி 228.

மின்பொறி_சேலம்:
அதுதான் விஷயம். ஒரு பேஸில் லோடு ஏறினால் மற்ற பேஸ் ஏறக்கூடாது. நியூட்ரல் எங்கேயோ லூஸாக இருக்கிறது. அது முழுதாக விட்டுப்போனால் 350-க்கு மேலும் ஏறலாம், அப்போது கன்சோல், ஃப்ரிட்ஜ், பல்பு எல்லாம் போகும். இன்றைக்கு கன்சோலைக் கழற்றி வையுங்கள், கீசரும் வேண்டாம். நீங்களே போர்டைத் திறக்காதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டின் நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூவைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நன்றாக இருந்தால் கம்பத்தில் இருக்கும், ஈபியில் புகார் கொடுங்கள்.

நாகலூர்_காபி:
எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். நியூட்ரல் லிங்கில் ஒரு ஸ்க்ரூ கருகி, வயரின் உறை பழுப்பாகி இருந்தது. நுனியை வெட்டிப் புது லிங்க் போட்டார். இப்போது கீசர் போட்டாலும் ஹாலில் 227-க்கும் 228-க்கும் நடுவிலேயே நிற்கிறது. சாயங்காலம் 175 அப்படியேதான் இருக்கிறது. காற்றடித்தால் இப்போதும் அணைகிறது.

மின்பொறி_சேலம்:
175 லைனின் நீளத்தால் வருவது, அதை விட்டுவிடலாம். மேல் வோல்டேஜுக்கு மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று போடச் சொல்லுங்கள். 260 தாண்டினால் துண்டித்து, சரியானதும் சில நிமிடம் பொறுத்துத் தானே இணைக்கும். எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள், அது சரியில்லை என்றால் ஸ்பைக் பஸ்டர் பாதி வேலைதான் செய்யும்.

அணைவதற்கு யுபிஎஸ்தான் வழி. டிவியும் சேர்த்தால் 1000 விஏ, 600 வாட்ஸ் அளவில் பாருங்கள்.

அஸ்தம்பட்டி_குமார்:
கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் பிஎஸ்5 ஓடுமா? என் நண்பனுக்கு பேட்டரிக்கு மாறும்போதே அணைந்துவிடுகிறதாம்.

மின்பொறி_சேலம்:
விலை குறைந்தவை பேட்டரியில் படிப்படியான அலை கொடுக்கும். சில பவர் சப்ளைகள் அதை ஏற்காமல் அணைந்துவிடும், சில ஓடும். சைன் வேவ் யுபிஎஸ் என்றால் பயமில்லை, விலைதான் கூடுதல். கடையிலேயே கன்சோலை மாட்டி, விளையாட்டு ஓடும்போது யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நாகலூர்_காபி:
சரி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை கீழே சேலத்துக்கு வருகிறேன், கன்சோலையும் எடுத்து வருகிறேன். ஐந்து ரோடு பக்கம் சைன் வேவ் யுபிஎஸ் வைத்திருக்கும் கடை யாருக்காவது தெரியுமா?