விடுப்பு விதி மாற்றம்: போர்டில் என்ன எழுதுவது, எந்தத் தேதி போடுவது?

ஓசூர்_பணியாளர்பிரிவு

வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, 85 பேர். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டதால் விடுப்பு பற்றி சின்னதாக ஒரு அறிவிப்பு ஒட்டச் சொல்கிறார்கள். நான் எழுதியது இது:

"சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு விதிகள் உடனடியாக மாற்றப்படுகின்றன. 180 நாள் வேலை செய்தவர்களுக்கு 20 நாளுக்கு 1 நாள் விடுப்பு. 30 நாளுக்கு மேல் சேரும் விடுப்பு டிசம்பர் 31 அன்று காலாவதியாகும். அரைநாள் விடுப்பு இனி கிடையாது. – நிர்வாகம்"

இது போதுமா? "உடனடியாக" என்பது சரியா, இல்லை தேதி போட வேண்டுமா?

மஸ்டர்ரோல்

தேதி கட்டாயம் வேண்டும், அதுவும் ஒரே தேதி போதாது. உங்கள் நாலு வரியில் இரண்டு வகை மாற்றம் கலந்து கிடக்கிறது. ஆண்டு விடுப்புக்கு 240 நாள் வேலை வேண்டும் என்றிருந்தது 180 ஆனது பணிப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற சட்டமே செய்த மாற்றம். அதற்கு நீங்கள் தேதி குறிக்க முடியாது, சட்டம் வந்த தேதிதான். அரைநாள் விடுப்பை நிறுத்துவது சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. அது உங்கள் நிர்வாகத்தின் முடிவு. இதுவரை கொடுத்து வந்த வசதியை எடுப்பதால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ நோட்டீஸ்தான், இப்போது தொழிலுறவுத் தொகுப்பின் 40ஆம் பிரிவில் இருக்கிறது. ஜனவரி 1 அன்று நிறுத்த வேண்டுமானால் டிசம்பர் 9க்குள் கையில் கொடுத்துவிடுங்கள். 12ஆம் தேதி ஒட்டிவிட்டு 1ஆம் தேதி அமல் என்றால் நாள் கணக்கிலேயே விழுந்துவிடும்.

இரண்டையும் ஒரே வாக்கியத்தில் "புதிய சட்டப்படி" என்று எழுதினால், சட்டம்தான் அரைநாளைப் பறித்தது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். பல இடங்களில் சண்டை தொடங்குவது இந்த ஒரு வரியில்தான்.

ஷிப்ட்_சி

"காலாவதி" என்ற சொல்லை யார் கற்றுக்கொடுத்தது? 30 நாளுக்கு மேல் இருப்பது காலாவதியாகாது சார். அதைக் காசாக வாங்கிக்கொள்ளும் உரிமை புதிய சட்டத்தில் வெளிப்படையாக இருக்கிறது. ஆண்டுக் கடைசியில் தொழிலாளி கேட்டால் மிச்ச விடுப்புக்கும் பணம் கொடுக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டுவிட்டு காலாவதி என்று மட்டும் எழுதுவது அறிவிப்பா, ஏமாற்றா?

ஓசூர்_பணியாளர்பிரிவு

ஏமாற்ற வேண்டுமென்று எழுதவில்லை அண்ணா. பழைய நிலையாணையில் இருந்ததை அப்படியே எடுத்தேன்.

கணக்குசார்

கொஞ்சம் பொறுங்கள். எல்லோரும் பெரிய விஷயத்தை விட்டுவிட்டீர்கள். 180 நாள் என்பது 2026ஆம் ஆண்டிலிருந்துதான். சட்டம் முன்தேதியிட்டுப் பாயாது. 2025இல் வேலை செய்த நாட்களுக்குத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 240 நாள்தான். ஆகவே "1-1-2026 முதல்" என்று ஒரே வரி போட்டால் வேலை முடிந்தது. 21 நாள் நோட்டீஸும் வேண்டாம், சட்டமே மாறும்போது எதற்கு நோட்டீஸ்?

மஸ்டர்ரோல்

நோட்டீஸ் விஷயத்தில் நீங்கள் பாதி சரி. சட்டம் கூட்டிக்கொடுத்ததற்கு நோட்டீஸ் வேண்டாம். நிர்வாகம் குறைப்பதற்கு வேண்டும். ஒப்பந்தத்திலோ பழக்கத்திலோ ஏற்கெனவே கூடுதலாக ஏதாவது கொடுத்து வந்தால் புதிய தொகுப்பைக் காட்டி அதைக் கீழே இறக்க முடியாது. அது தொகுப்பிலேயே காப்பாற்றப்பட்டிருக்கிறது.

2025 கணக்கு அவ்வளவு எளிதல்ல. ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். இந்த ஆண்டு டிசம்பர் 31 வரை 205 நாள் வேலை செய்திருப்பார். பழைய சட்டப்படி 240 வரவில்லை, எனவே சுழி. பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் வாசகம் "அந்த நாட்காட்டி ஆண்டில்" 180 நாள் வேலை செய்தவர் என்கிறது. ஆண்டு முடியும் நாளில் நடப்பில் இருப்பது தொகுப்புதான், பழைய சட்டம் நவம்பர் 21 அன்றே போய்விட்டது. அப்படிப் பார்த்தால் 205ஐ 20ஆல் வகுத்து 10.25, அவருக்கு 10 நாள். பத்து நாளா, சுழியா என்பது சின்ன வித்தியாசமில்லை. முன்தேதி பாய்வது என்று நான் இதைச் சொல்லமாட்டேன். கணக்கு முடிக்கும் நாளில் எந்தச் சட்டம் மேசையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கணக்குசார்

அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு எதையாவது காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அதுவரை நான் 240தான் எழுதுவேன். 180இலிருந்து 239 வரை நின்றவர்கள் 85 பேரில் எத்தனை பேர் இருப்பார்கள்? அத்தனை பேருக்கும் கொடுப்பதா?

மஸ்டர்ரோல்

எத்தனை பேர் என்று மஸ்டர் வருகைப் பதிவேட்டைப் பார்த்தே எண்ணிவிடலாம், அதை அறிவிப்புக்கு முன்னால் செய்யுங்கள். அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் தேதி போடுவதுதான் ஆபத்து. தீர்ப்பு என்னிடம் இல்லை. நான் சொல்வது நிர்வாகத்துக்கு எது பத்திரம் என்பது.

துணிக்கடை_காசாளர்

எங்கள் கடையில் 14 பேர். வருடத்துக்கு 12 நாள் விடுமுறை, 12 நாள் உடல்நலமில்லாதபோது, 12 நாள் தற்செயல் விடுப்பு. முதலாளி இப்போது "புதிய சட்டம் வந்தாச்சு, இனிமேல் 20 நாளுக்கு 1தான்" என்கிறார். இந்த அறிவிப்பு எங்களுக்கும் பொருந்துமா?

மஸ்டர்ரோல்

நீங்கள் சொல்வது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அது மாநிலச் சட்டம், நான்கு தொகுப்புகளும் ரத்து செய்த சட்டங்களின் பட்டியலில் அது இல்லை. ஆகவே உங்கள் தற்செயல் விடுப்பும் உடல்நல விடுப்பும் எங்கும் போகவில்லை. தொகுப்பில் தற்செயல் விடுப்பே கிடையாது, அதனால் "அதற்குப் பதில் இது" என்ற பேச்சுக்கே இடமில்லை. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள கடைக்குத் தொகுப்பின் ஆண்டு விடுப்பும் சேர்ந்து வருமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. இங்கே வேண்டாம், தனி இழையில் கேளுங்கள்.

இஎஸ்ஐ_அட்டை

உடம்பு சரியில்லாமல் இஎஸ்ஐயில் 40 நாள் இருந்தவருக்கு அந்த 40 நாளும் 180இல் சேருமா? பல பேர் சேரும் என்றே நினைத்திருக்கிறார்கள்.

ஷிப்ட்_சி

சேர வேண்டும், நியாயப்படி.

மஸ்டர்ரோல்

நியாயம் வேறு, வாசகம் வேறு. மூன்றை மட்டும்தான் அதில் எழுதியிருக்கிறது: வேலை தர முடியாமல் நிர்வாகம் நிறுத்திவைக்கும் லே-ஆப், மகப்பேறு விடுப்பு, ஆண்டு விடுப்பாக எடுத்த நாட்கள். இஎஸ்ஐ நாள் அதில் இல்லை. இந்த மூன்றும் 180ஐ எட்டுவதற்கு மட்டும் உதவும், அந்த நாட்களுக்கு விடுப்பு சேராது. இங்கேதான் கணக்குப் பிரிவு தவறுகிறது.

ஒருவர் 164 நாள் வேலை, 10 நாள் லே-ஆப், 12 நாள் ஆண்டு விடுப்பு என்று வையுங்கள். கூட்டினால் 186, தகுதி வந்துவிட்டது. ஆனால் வகுக்க வேண்டியது 164ஐ மட்டும். 8.2 வருகிறது, 8 நாள். 186ஐ வகுத்தால் 9.3, அதாவது 9 என்று எழுதிவிடுவார்கள். அரைக்குக் கீழே விட்டுவிட வேண்டும், அரையும் அதற்கு மேலும் ஒரு நாளாக எடுக்க வேண்டும். 190 நாள் வேலை என்றால் 9.5, அது 10.

ஓசூர்_பணியாளர்பிரிவு

நடு ஆண்டில் சேர்ந்தவருக்கு?

மஸ்டர்ரோல்

ஜனவரி 1க்குப் பிறகு சேர்ந்தால் மீதி ஆண்டின் நாட்களில் கால்பங்கு வேலை செய்தால் போதும். முன்பு மூன்றில் இரண்டு பங்கு. ஜூலை 1 அன்று சேர்ந்தவருக்கு மீதி 184 நாள், அதில் 46 நாள் வேலை செய்தாலே தகுதி. இதை அறிவிப்பில் ஒரு வரியாவது எழுதுங்கள். உங்கள் ஊரில் நடு ஆண்டில் வந்து போகிறவர்கள்தானே பாதிப் பேர்.

ஷிப்ட்_சி

இன்னொன்று. லீவு சீட்டை சூப்பர்வைசர் வாங்கிப் பார்த்துவிட்டு "இப்ப முடியாதுப்பா, உற்பத்தி இருக்கு" என்று வாயால் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். தொழிலாளியும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கேட்டு மறுத்த விடுப்பை 30 நாள் வரம்பு பார்க்காமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சட்டம் சொல்கிறது. சொல்லி என்ன, மறுத்ததற்கு எழுத்து ஒன்றும் இல்லையே. டிசம்பரில் "நீ கேட்கவே இல்லை" என்பார்கள்.

கணக்குசார்

இதில் ஷிப்ட்_சியோடு உடன்படுகிறேன். சீட்டு இரண்டு பிரதியாக இருக்கட்டும். கார்பன் வைத்து எழுதினால் போதும். மறுத்தால் அதே சீட்டில் தேதி, காரணம், கையெழுத்து. ஒரு பிரதி தொழிலாளியிடம், ஒன்று விடுப்புப் பதிவேட்டில். வாய்மொழி மறுப்பு கணக்கில் எடுக்கப்படாது என்று அறிவிப்பிலேயே எழுதிவிடலாம்.

ஷிப்ட்_சி

அப்படி எழுதினால் நமக்கே குழி. வாயால் மறுத்தால் அது மறுப்பே இல்லை என்று படிப்பார்கள். "சீட்டைப் பெற்றுக்கொள்ள மறுக்கக் கூடாது" என்று எழுதுங்கள்.

மஸ்டர்ரோல்

ஷிப்ட்_சி சொன்ன வாசகமே சரி. தம்பி, மொத்தத்தையும் இப்படி எழுதிப் பாருங்கள்:

"ஆண்டு விடுப்பு அறிவிப்பு. ஒட்டிய நாள்: 8-12-2025.

சட்டத்தால் மாறியவை (21-11-2025 முதல்): ஆண்டு விடுப்புக்குத் தேவையான வேலை நாள் 240இலிருந்து 180 ஆகிறது. 20 நாள் வேலைக்கு 1 நாள் என்ற விகிதம் மாறவில்லை. நடு ஆண்டில் சேர்ந்தவர் மீதி ஆண்டில் கால்பங்கு நாட்கள் வேலை செய்தால் போதும். அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டுசெல்லலாம். அதற்கு மேல் உள்ளதைப் பணமாகப் பெறலாம். 

சீட்டு நடைமுறை: விடுப்புச் சீட்டைப் பெற்றுக்கொள்ள யாரும் மறுக்கக் கூடாது. விடுப்பு தர இயலாவிட்டால் சீட்டிலேயே எழுதித் தரப்படும், அந்த நாட்களுக்கு 30 நாள் வரம்பு இல்லை.

நிர்வாகம் மாற்ற எண்ணுவது (1-1-2026 முதல்): அரைநாள் விடுப்பு. இதற்கான நோட்டீஸ் தனியே தரப்பட்டுள்ளது.

2025 கணக்கு: ஒவ்வொருவரின் வேலை நாளும் மிச்ச விடுப்பும் ஜனவரி 10க்குள் விடுப்பு அட்டையில் எழுதித் தரப்படும். தவறு இருந்தால் ஜனவரி 31க்குள் பணியாளர் பிரிவில் சொல்லவும்."

அட்டையை ஆளுக்கு ஆள் கையில் கொடுங்கள். பொது விதியை யாரும் படிப்பதில்லை, தன் பெயருக்கு எதிரே உள்ள எண்ணைத்தான் பார்ப்பார்கள். போர்டில் தமிழோடு இந்தியிலும் ஒட்டுங்கள். ஒடிசாக்காரர்கள் இருந்தால் ஒடியா எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். இந்திப் பிரதியை மட்டும் ஒட்டிவிட்டு அவர்களுக்குப் புரிந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

கணக்குசார்

2025க்கு 240ஆ 180ஆ என்பதை இதில் எழுதாமல் நழுவிவிட்டீர்களே.

மஸ்டர்ரோல்

நழுவவில்லை. பட்டியல் வராமல் எழுதக் கூடாது என்றேன்.

ஓசூர்_பணியாளர்பிரிவு

மஸ்டரைப் பார்த்துவிட்டேன். 180இலிருந்து 239 வரை 11 பேர். ஆறு பேர் பிப்ரவரி, மார்ச்சில் சேர்ந்தவர்கள், அவர்களுக்கு நடு ஆண்டு விதிதான் வரும். மிச்சம் ஐந்து பேர். அவர்களுக்குக் கொடுக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன், தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

கணக்குசார்

ஐந்து பேர்தானா. ஆளுக்கு 10 நாள் என்றால் 50 நாள் சம்பளம். அதற்கு வழக்கு நடத்தமாட்டார்கள். ஆனாலும் சட்டப்படி 240தான் என்பது என் கருத்து, மாற்றிக்கொள்ளவில்லை.

ஷிப்ட்_சி

கருத்தை வைத்துக்கொள்ளுங்கள் சார், விடுப்பு நாட்களைக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

துணிக்கடை_காசாளர்

தனி இழை போட்டிருக்கிறேன். யாராவது வந்து பாருங்கள், முதலாளி திங்கட்கிழமை கையெழுத்து கேட்கிறார்.