கர்சர் முந்துகிறது, குரல் பிந்துகிறது: பாட வீடியோ ஸ்கிரிப்ட் அனுபவங்கள்

மதி
லிப்ரே ஆபிஸ் கால்க்கில் ஒரு செல்லுக்குள் தேர்வுப் பட்டியல் வைப்பது எப்படி என்று சின்ன வீடியோ ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். முதல் வடிவத்தைப் புதிதாகக் கற்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். Validity பெட்டி திறந்ததுமே நிறுத்தி, பின்னால் இழுத்தார். மறுபடி ஓடவிட்டு அதே இடத்தில் நிறுத்தினார். "எந்த மெனுவிலிருந்து இது வந்தது?" என்று கேட்டார். குரலில் சொல்லியிருக்கிறேன், மெனுவை அம்பும் எழுத்துமாகச் சுட்டிக்காட்டும் கால்அவுட்டும் இருக்கிறது. கர்சர், குரல், கால்அவுட் மூன்றையும் ஸ்கிரிப்ட்டில் எப்படிக் கோத்து எழுதுகிறீர்கள்?

குமரன்77
எனக்கும் இதே தொல்லைதான். கர்சரைப் பெரிதாக்கி, சுற்றி மஞ்சள் வட்டம் போட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது. அப்புறம் மவுஸ் சத்தம் மைக்கில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதி
கர்சர் நன்றாகவே தெரிகிறது அண்ணா. அது போய்ச் சேரும் நேரம்தான் இடிக்கிறது.

தறி
விநாடி போட்டு எழுதுங்கள். 0:14-இல் கர்சர் நகர்வு, 0:16-இல் கிளிக், அதே 0:16-இல் கால்அவுட். நான் எப்போதும் இப்படித்தான். எழுதிவிட்டால் குழப்பமே வராது.

வெண்பா
தறி சொல்வதில் பாதி சரி. ஒவ்வொரு அசைவுக்கும் ஸ்கிரிப்ட்டில் இடம் வேண்டும். ஆனால் விநாடியில் எழுதினால், குரலை ஒருமுறை திருத்திப் பதிந்ததும் அதற்குப் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் நகர்ந்துவிடும். நான் நேரத்துக்குப் பதில் சொல்லைக் குறிப்பேன். மதியின் இடத்தை இப்படி எழுதுவேன்:

```
குரல்: மேலே [1] Data மெனுவைத் [2] திறந்து,
       அதில் Validity-ஐச் [3] சொடுக்குங்கள்.
[1] கால்அவுட் தோன்றும்; கர்சர் Data மேல் வந்து நிற்கும்
[2] கால்அவுட் மறையும்; கிளிக்; கர்சர் Validity மேல் போய் நிற்கும்
[3] கிளிக்
```

நம் வாக்கியத்தில் இடம் முதலில் வரும், வினை கடைசியில் வரும். இது நமக்குப் பெரிய வசதி. இடத்தைச் சொல்லும்போது கர்சர் போய்ச் சேரலாம், வினை காதில் விழும்போது கிளிக் செய்யலாம். பேசத் தொடங்கியதுமே கிளிக் செய்துவிட்டால் "Data" என்ற சொல் காதுக்கு வரும் முன்பே மெனு திறந்து மூடி, பெட்டி வந்துவிடுகிறது. உங்கள் மாணவர் தேடியது அந்த மெனுவைத்தான்.

தறி கால்அவுட்டையும் கிளிக்கையும் ஒரே நொடியில் வைக்கிறார். அங்கே எனக்கு உடன்பாடில்லை. கிளிக் ஆனதும் கண் புதிதாகத் திறந்ததற்குத் தாவிவிடும், கால்அவுட்டைப் படிக்க ஆள் இருக்காது. பெயரைச் சொல்வதற்கு அரை விநாடி முன்னால் அது வர வேண்டும், நிதானமாகப் படித்து முடிக்கும் வரை நிற்க வேண்டும், கிளிக்குக்கு முன் போய்விட வேண்டும். பெட்டி மூடிய பிறகும் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற அம்பு போல எரிச்சல் தருவது வேறில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு கிளிக்குக்கு முன்னும் பின்னும் ஒரு விநாடி கர்சரை அசைக்காமல் விடுங்கள். குரல் நீண்டுவிட்டால் அந்த இடத்தில் சட்டகத்தை உறையவைத்து நீட்டலாம், யாருக்கும் தெரியாது. நகரும் கர்சரை உறையவைத்தால் கணினி நின்றுபோன மாதிரி இருக்கும்.

தறி
சொல்லைக் குறிப்பது நல்ல யோசனை, ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் குரலை முதலில் பதிந்து, அதைக் காதில் கேட்டுக்கொண்டே திரையைப் பதிய வேண்டுமா?

வெண்பா
நான் அப்படித்தான் செய்கிறேன். கை தானாக நிதானப்படும்.

நாணல்
எங்கள் வேலைக்கு அது ஒத்துவரவில்லை. நாங்கள் பாடம் எடுக்கும் கணக்கு மென்பொருளில் அறிக்கை திறக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். குரல் முன்னே ஓடிவிடும், திரையில் இன்னும் சுழல் வட்டம்தான் இருக்கும். அதனால் திரையை முதலில் பதிந்துவிட்டுக் குரலைப் பிறகு சேர்க்கிறோம்.

வெண்பா
காத்திருப்பை வெட்டிவிடலாமே?

நாணல்
வெட்டிப் பார்த்தோம். பயிற்சிக்கு வந்தவர்கள் தங்கள் கணினியில் வட்டம் சுற்றியதும் தவறாக எதையோ அழுத்திவிட்டதாக நினைத்து மறுபடி மறுபடி கிளிக் செய்தார்கள். இப்போது கொஞ்சம் சுழல விட்டு, "இங்கே சற்று நேரம் எடுக்கும்" என்று குரலில் சொல்லிவிட்டு அப்புறம் வெட்டுகிறோம்.

மதி
வெண்பா சொன்னபடி அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் பதிந்து, வேறொருவரிடம் காட்டினேன். Data, Validity இரண்டையும் நிறுத்தாமல் கடந்தார். Allow-இல் List தேர்ந்தெடுப்பதும் பிரச்சினை இல்லை. ஆனால் Entries பெட்டியில் நான் பெயர்களைத் தட்டச்சு செய்யும்போது நிறுத்திவிட்டார். வரிக்கு ஒரு பெயர் என்று குரல் சொல்கிறது, எழுத்துகளும் அதே நேரம் ஓடுகின்றன. அங்கே எதை நிறுத்துவது, குரலையா, தட்டச்சையா?

தறி
குரலை. முதல் பெயரை மௌனமாகத் தட்டுங்கள், Enter அழுத்தும்போது பேசுங்கள்.

நாணல்
நான் தட்டச்சை நிறுத்துவேன். மௌனம் வந்தால் ஒலி போய்விட்டதென்று நினைப்பவர்கள் உண்டு.