லென்ஸ் கரெக்‌ஷன் போட்டதும் மூலை எழுத்துகள் மசங்குகின்றன. என்ன செய்யலாம்?

ஊர் சிவன் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளைப் படமெடுத்து வருகிறேன். சுவருக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டு மீட்டர்கூட இடமில்லை. அதனால் 18-55 கிட் லென்ஸில் 18-ஐ விட்டால் வேறு வழியில்லை.

கேமரா 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி. டிரைபாடில், f/8, ஐஎஸ்ஓ 100, ரா. டார்க்டேபிளில் லென்ஸ்ஃபன் புரொஃபைல் போட்டதும் பீப்பாய் மாதிரி வளைந்த வரிகள் நிமிர்ந்துவிடுகின்றன, மூலை இருட்டும் போய்விடுகிறது. ஆனால் 100 சதவீதத்தில் பார்த்தால் மூலையில் இருக்கும் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, 'ன'வா 'ண'வா என்றே தெரியவில்லை. நடுவில் கல்லின் பொருக்குகூடத் துல்லியமாக இருக்கிறது.

இரண்டு திருத்தங்களையும் தனித்தனியாக அணைத்துப் பார்த்தேன். விக்னெட்டிங்கை மட்டும் அணைத்தால் மூலையில் நாய்ஸ் குறைகிறது, மசங்கல் அப்படியே. டிஸ்டார்ஷனை அணைத்தால் சுழி பிரிகிறது, ஆனால் வரி வளைகிறது. ஆக, மூலையை வெளியே இழுத்து நீட்டுவதுதான் வினை. இல்லாத பிக்சலை ஊகித்து நிரப்புகிறது, அவ்வளவுதான். இன்டர்போலேஷனை `bicubic`, `lanczos2` என்று மாற்றினேன். பெரிய வித்தியாசம் இல்லை. f/11 வைத்தால் மொத்தப் படமும் கொஞ்சம் மென்மையாகிறது. திருத்தத்துக்குப் பிறகு ஷார்ப்பனை ஏற்றினால் எழுத்தைவிட நாய்ஸ்தான் கூர்மையாகிறது.

மாட்யூல் வரிசையை மாற்றி, டிஸ்டார்ஷன் திருத்தத்துக்கு முன்பே ஷார்ப்பன் செய்தால் மூலை எழுத்து தேறுமா? செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?