மறு: காமாக்கதிர் வெடிப்பா, பீறலா?

நித்யா:
பள்ளி அறிவியல் மலருக்கு ஒரு கட்டுரை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பெருவெடிப்புக்குப் பிறகு மிகப் பிரகாசமானது காமாக்கதிர் வெடிப்பு, விண்மீன் வெடிப்பில் பிறப்பது' என்று ஒரே வரியில் மூன்று வெடிப்பு வந்துவிட்டது. நடுவில் உள்ளதற்கு வேறு சொல் உண்டா?

சண்முகம்:
எதற்கு? விண்மீன் வெடிக்கிறது, காமாக்கதிர் வருகிறது, எல்லாம் ஒரே வெடிப்புதானே. புரிகிற சொல்லைப் பிடுங்காதீர்கள்.

தேவகி:
விண்மீன் சாவது சரிதான் ஐயா, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வேகமாகச் சுழலும் கனத்த விண்மீனின் நடுப்பகுதி சரிந்து கருந்துளையாகிறது, அதில் விழும் பொருள் வட்டாகச் சுழல, இரு துருவத்திலும் ஒளிவேகத்தை ஒட்டிய தாரை கிளம்புகிறது. அது விண்மீனைத் துளைத்து வெளியே வந்த பிறகுதான் காமாக்கதிர். ஹைட்ரஜன் உறையை இழக்காத பெருத்த விண்மீன் என்றால் தாரை உள்ளேயே அடங்கிவிடும். 2003 மார்ச் 29 நிகழ்வைப் பாருங்கள். காமாக்கதிர் அரை நிமிடத்தில் ஓய்ந்தது, பின்னொளி மட்டும் நின்றது. அது மங்க மங்க, சுமார் ஒரு வாரத்துக்குப் பின் நிறமாலையில் சூப்பர்நோவாவின், அதாவது விண்மீன் வெடிப்பின், அகன்ற வரிகள் மேலெழுந்தன, 1998இல் கண்ட சூப்பர்நோவாவின் வரிகளைப் போலவே. கிழித்துக்கொண்டு வருவதால் 'பீறல்' பொருந்தும்.

மாறன்:
அருமை! பீறு, பிள, பிய், பிரி எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. 'மீன்' கூட 'மின்'னிலிருந்து வந்ததுதான். அப்புறம், சரிந்து சாகும் அந்த விண்மீனுக்கு 'சரிமீன்' என்று வினைத்தொகையாக வைக்கலாம், சரிந்த, சரிகின்ற, சரியும் மீன். காமாவையும் மாற்றியாக வேண்டும்.

பாத்திமா:
எங்கள் ஊரில் பீறல் என்றால் கிழிந்த துணி. வகுப்பில் சொன்னேன், பிள்ளைகள் அதையே நினைத்துக்கொண்டார்கள். 'வீச்சு' போதாதா?

தேவகி:
இயற்பியலில் வீச்சு என்பது அலையின் உயரம், குழப்பும். இன்னொன்று, பெயரில் சாவும் சரிவும் வேண்டாம். 2017 ஆகஸ்ட் 17இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதின, ஈர்ப்பலை வந்து 1.7 நொடியில் காமாக்கதிரும் வந்தது. காமாக்கதிர் நீடிப்பது இரண்டு நொடிக்குக் குறைந்தால் மோதல், கூடினால் சாவு என்று பிரிப்பார்கள், அதுவும் முழுக்க நிற்கவில்லை. 2021 டிசம்பரில் ஒன்று ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடித்தும் சூப்பர்நோவா தென்படவில்லை, மோதலின் தடயம்தான் கிடைத்தது.

சண்முகம்:
அப்படியானால் 'காமாக்கதிர் வெடிப்பு' இருக்கட்டும், விண்மீன் வெடிப்பை 'சூப்பர்நோவா' ஆக்கிவிடுங்கள். ஒரு வெடிப்பாவது குறையும்.

பாத்திமா:
எனக்கும் சம்மதம்.

நித்யா:
சரி, அப்படியே அனுப்புகிறேன். 'சரிமீன்' வேண்டாம் மாறன் அண்ணா, 'சரியான மீன்' என்று படித்துவிடுவார்கள்.

மாறன்:
தமிழ்ச் சொல் கையில் இருக்க சூப்பர்நோவாவை அச்சேற்றுவதை நான் ஏற்கவில்லை. 'காமா'வுக்கு நாளை தனி இழை தொடங்குகிறேன்.