டிஎன்டி-க்குத் தமிழில்: தடையா, விலக்கா, விருப்பமா?

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். நூலகத்தில் மூத்தோருக்குக் கொடுக்க, கைப்பேசிப் பயன்பாடு பற்றி ஒரு சிறு கையேடு தயாராகிறது. விளம்பர அழைப்புகளை நிறுத்தும் பக்கத்தில் சொல் இடிக்கிறது. 1909-க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பதிவதையும் டிஎன்டி என்கிறோம். போனில் நிலாச் சின்னத்தைத் தொட்டு மணியை அடக்குவதையும் டிஎன்டி என்கிறோம். 'தொந்தரவு செய்யாதே' என்று மொழிபெயர்த்தாலும் இரண்டுக்கும் அதே பெயர்தான் வருகிறது. முதல் வரைவைப் படித்தவர்களில் சிலர் நிலாவைத் தொட்டுவிட்டு, "டிஎன்டி போட்டாச்சு, ஆனாலும் கடன் வேணுமான்னு கூப்பிடுறாங்க" என்கிறார்கள். வேறு சிலர் 1909-க்கு அனுப்பினால் வங்கியின் ஓடிபி வராதோ என்று பயந்து பதியாமலே இருக்கிறார்கள்.

நிலாச் சின்னத்துக்கு 'அமைதி நிலை' என்று வைத்துவிட்டேன். 1909 பதிவுக்கு 'அழைப்புத் தடை' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

தணிகாசலம்:

'அழைப்புத் தடை' நன்றாக இருக்கிறது, எளிது. நம் எண்ணைப் பதிந்ததும் நிறுவனம் விளம்பர அழைப்புகளைத் தன் வலையமைப்பிலேயே மறித்துவிடுகிறது. மறிப்பதுதானே தடை? ஓடிபி நிற்காது என்பதை மட்டும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

வளர்மதி:

> நிறுவனம் விளம்பர அழைப்புகளைத் தன் வலையமைப்பிலேயே மறித்துவிடுகிறது

ஐயா, ஓடிபி பற்றிச் சொன்னது சரி. மறிப்பது பற்றிச் சொன்னது பாதிதான் சரி. அந்த மீதிப் பாதியால்தான் 'தடை' வேண்டாம் என்கிறேன்.

பதிவு செய்த சந்தைப்படுத்துநர் ஒருவர் ஒரு லட்சம் பேருக்குச் செய்தி அனுப்பப் பட்டியல் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பட்டியலை, 1909 வழியாக நாம் பதிவது சேரும் விருப்பப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பதிந்தவர்களின் எண்களைக் கழித்துவிடுகிறார்கள். மிஞ்சியவர்களுக்குத்தான் செய்தி போகிறது. நம் வாசலில் யாரும் காவல் நிற்பதில்லை. அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே நம் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே அந்தப் பட்டியல் வழியாக வராத எதையும் இந்தப் பதிவு தொடுவதில்லை. ஒருவர் கடையில் சாதாரண சிம் வாங்கி, பத்து இலக்க எண்ணிலிருந்து வரிசையாகக் கூப்பிட்டால், அது யாரிடமும் ஒப்பிடக் கொடுக்கப்படுவதே இல்லை. 'தடை போட்டேன், எப்படி வந்தது?' என்று மக்கள் கேட்பது இந்த அழைப்புகளைத்தான். நாம் கொடுக்கும் சொல்லே அந்தத் தப்பான எதிர்பார்ப்பை உண்டாக்கக் கூடாது.

என் பரிந்துரை 'விளம்பர விலக்கு'. வரிவிலக்கு என்றால் வரி கட்டுவோர் பட்டியலிலிருந்து நம்மை விடுவிப்பது. இதுவும் அப்படித்தான். `FULLY BLOCK` என்று 1909-க்கு அனுப்புவது முழு விலக்கு. வீடு, மனை விளம்பரம் மட்டும் வேண்டாம் என்று `BLOCK 2` அனுப்புவது வகை விலக்கு. வங்கி, கல்வி, நலவாழ்வு, சுற்றுலா, உணவு என்று மொத்தம் எட்டு வகைகள் இருப்பதால் இந்த இரண்டாம் சொல்லும் வேண்டும்.

சந்திரா:

நான் முழுமையாகப் பதிந்தவள். ஆனாலும் நகைக்கடையிலிருந்து சேதாரம் தள்ளுபடி என்று வாரம் இரண்டு செய்தி வருகிறது. தனிநபர் கடன் என்று வேறொன்று. தினமும் காலையில் பத்து இலக்க எண்ணிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு மனை வேண்டுமா என்கிறார். பெயர் எதுவானாலும் இருக்கட்டும், இது ஏன் நிற்கவில்லை என்று யாராவது சொல்லுங்களேன். நானும் நிலாவைத் தொட்டுப் பார்த்தேன், பேரன் கூப்பிட்டது கேட்கவில்லை.

வளர்மதி:

சந்திரா அம்மா, மூன்றும் மூன்று வேறு காரணம். செய்தி அனுப்பியவரின் பெயர் எந்த எழுத்தில் முடிகிறது என்று பாருங்கள். `AD-ABCDEF-P` என்ற வடிவில் இருக்கும். முதலெழுத்து அனுப்பிய தொலைத்தொடர்பு நிறுவனம், அடுத்தது அனுப்பிய வட்டம், நடுவில் நிறுவனத்தின் அடையாளம். கடைசி எழுத்து P என்றால் விளம்பரம், S என்றால் சேவை, T என்றால் பரிவர்த்தனை, G என்றால் அரசு. முழு விலக்கு தொடுவது P-யை மட்டும்தான்.

சந்திரா:

நகைக்கடை P. கடன் செய்தி S.

வளர்மதி:

அப்படியானால் நகைக்கடைக்கு உங்கள் இசைவு இருக்கிறது. பில் போடும்போது எண்ணைச் சொல்லி, 'சலுகைகளை அனுப்பலாம்' என்ற இடத்தில் கையெழுத்தோ ஓடிபியோ கொடுத்திருப்பீர்கள். விலக்கைவிட இசைவுக்கு வலு அதிகம், பொதுப் பதிவு அதை ரத்து செய்யாது. செய்தியிலேயே விலகும் வழி தந்திருக்க வேண்டும், அதன் வழியாக இசைவைத் திரும்பப் பெறுங்கள். அதன்பின் 90 நாள்களுக்கு அதே கடை மறுபடி இசைவு கேட்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தன் விதிமுறையில் செய்த 2025 திருத்தம்.

கடன் செய்தியில் தவறு அனுப்பியவருடையது. உங்களிடம் ஏற்கனவே இருக்கும் கணக்கைப் பற்றிய தகவல் சேவை. புதுக்கடன் எடுங்கள் என்று அழைப்பது விளம்பரம். அதை S என்ற பெயரில் அனுப்பியிருக்கிறார்கள். இதற்கும் மனைக்காரருக்கும் மருந்து புகார்தான். செய்தி வந்த அதே சிம்மிலிருந்து 1909-க்கு இப்படி அனுப்புங்கள்:

```
Pre-approved loan offer, AD-ABCDEF-S, 14/06/25
```

அழைப்பானால் முதலில் என்ன பேசினார்கள் என்று ஒரு வரி, பிறகு அந்தப் பத்து இலக்க எண், பிறகு தேதி. இரண்டு காற்புள்ளி இருக்க வேண்டும். தேதி வந்த நாளாக இருக்க வேண்டும், புகார் செய்யும் நாள் அல்ல. வந்த 7 நாளுக்குள் அனுப்ப வேண்டும், முன்பு 3 நாள்தான் அவகாசம். பலர் செய்யும் தவறு, செய்தியை அப்படியே ஃபார்வர்டு செய்வது. அதில் அனுப்பியவர் பெயர் போய்விடும், புகார் ஏற்கப்படாது. இன்னொரு தவறு, இரண்டு சிம் போனில் வேறு சிம்மிலிருந்து அனுப்புவது. பதிவுக்கும் இதேதான்: எந்த சிம்மிலிருந்து அனுப்புகிறோமோ அந்த எண்தான் பதிவாகும்.

தணிகாசலம்:

ஒப்புக்கொள்கிறேன், தடை சரியில்லை. ஆனால் பத்து இலக்க எண்மேல் புகார் செய்ய முதலில் டிஎன்டி பதிந்திருக்க வேண்டுமே?

வளர்மதி:

அது பழைய நிலை. 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு பதியாதவரும் பதிவில்லாத சந்தைப்படுத்துநர்மேல் புகார் செய்யலாம். 10 நாளில் ஒரே அனுப்புநர்மேல் 5 புகார் சேர்ந்தால் நடவடிக்கை தொடங்கும். அதனால் 'நான் ஒருத்தி சொல்லி என்ன' என்று விடக் கூடாது, ஒவ்வொன்றும் எண்ணப்படுகிறது.

அருள்நம்பி:

'விலக்கு' பற்றி இரண்டு ஐயம். முதலாவது, மதுவிலக்கில் அது தடையேதான், விடுவிப்பு அல்ல. மக்கள் காதில் விலக்கு என்றதும் வரிவிலக்கு வருமா மதுவிலக்கு வருமா? இரண்டாவது, ஊர்ப்பக்கம் வீட்டுவிலக்கு, ஊர்விலக்கு என்ற வழக்குகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒதுக்கிவைக்கும் வாடை அந்தச் சொல்லில் உண்டு.

வரலாற்றையும் பார்க்க வேண்டும். 2007-இல் வந்தது 'அழைக்காதே' பதிவேடு. 2010 விதிமுறையில் பெயரே மாறி வாடிக்கையாளர் விருப்பப் பதிவேடு ஆனது. 2018 விதிமுறையின் பெயரிலும் 'விருப்பம்' இருக்கிறது. சட்டத்தின் சொல்லைத் தமிழாக்கினால் 'விருப்பப் பதிவு'. நாம் வேறொன்று ஏன் உண்டாக்க வேண்டும்?

வளர்மதி:

'விருப்பப் பதிவு' என்றால் விளம்பரம் வேண்டும் என்று பதிவதாகப் படுகிறது. அந்தக் குழப்பம் முன்பே கட்டளையில் இருந்தது. பழைய முறையில் `START 0` அனுப்பினால் எல்லாம் நின்றது. `START 2` என்றால் வீடு, மனை மட்டும் வரட்டும் என்று பொருள். இப்போது `BLOCK 2` என்றால் வீடு, மனை மட்டும் வரக் கூடாது. எண் அதே, பொருள் நேர் எதிர். பழைய குறிப்பை வைத்துக்கொண்டு அனுப்பியவர்கள் இதில்தான் வழுக்கினார்கள். கையேட்டில் சட்டச் சொல்லைவிட வேண்டாம் என்ற பொருள் முன்னால் நிற்கும் சொல் தேவை.

வீட்டுவிலக்கு வாடை பற்றிய உங்கள் ஐயம் எனக்கும் உறுத்துகிறது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. 'விளம்பர' என்ற முன்னொட்டைப் பிரிக்காமல் எழுதினால் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

இளவேனில்:

போனில் இருக்கும் செயலிகளுக்கு 'வடிகட்டி' வைக்கலாமா? ஒப்பிட்டுக் கழிக்கும் வேலைக்கும் வடிகட்டல் என்றே எழுதியிருந்தேன், இப்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

அருள்நம்பி:

அம்மாக்கள் மாவைச் சலிப்பார்கள், காபியை வடிகட்டுவார்கள். சலிப்பது சமையலுக்கு முன், வடிகட்டுவது குடிக்கும் முன். சந்தைப்படுத்துநரின் பட்டியலில் எண்களைக் கழிப்பது 'பட்டியல் சலித்தல்'. நம் போனுக்கு வந்துசேர்ந்ததைப் பிரிப்பது 'வடிகட்டல்'.

வளர்மதி:

மிகச் சரி, இதை ஏற்கிறேன். வடிகட்டிக்கு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ட்ரூகாலர் போன்றவை மற்றவர்கள் குறித்துவைத்ததை வைத்து எண்ணை அடையாளம் காட்டுகின்றன. ஆகவே நேற்று வாங்கிய சிம்மிலிருந்து வரும் அழைப்பு வெறும் எண்ணாகவே வரும். நிறுவும்போது தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்டால், அதில் உள்ளவர்களின் எண்களும் சம்பந்தப்பட்டவை என்பதை நினைத்துக் கொடுங்கள். ஐபோனில் `Silence Unknown Callers` போட்டால் தொடர்புப் பட்டியலில் இல்லாத, நீங்கள் அண்மையில் அழைத்திராத எண்கள் பெரும்பாலும் மணியின்றிப் போகும். சிலிண்டர் கொண்டுவருபவரும் மருத்துவமனையும் அதில் சேரலாம். ஆண்ட்ராய்டில் கூகிள் மெசேஜஸ் பயன்படுத்துவோர் எதிர்பார்த்த செய்தி காணோம் என்றால் `Spam & blocked` பகுதியைப் பார்க்க வேண்டும். நல்ல செய்தியும் எப்போதாவது அங்கே போய்விடும்.

எண்ணின் தொடக்கத்தையும் கையேட்டில் சொல்லுங்கள். 140 என்று தொடங்கினால் பதிவு செய்த விளம்பர அழைப்பு. 1600 என்றால் சேவை, பரிவர்த்தனை அழைப்பு. 1600 வரிசையை வடிகட்டியில் அடைத்துவிட்டால், அட்டையில் சந்தேகமான செலவு என்று வங்கி கூப்பிடுவதும் போய்விடும்.

தணிகாசலம்:

பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிடும் அந்த ஆளுக்கும் ஒரு பெயர் வேண்டும். 'பதிவில்லாத சந்தைப்படுத்துநர்' வாயில் நுழையவில்லை. 'கள்ள விளம்பரர்' என்றால்?

அருள்நம்பி:

அதில் திருட்டுக் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கிறது. சொந்த சிம்மிலிருந்து தெரியாமல் விளம்பரம் செய்யும் சிறு வியாபாரியும் சட்டப்படி அதில்தான் வருவார். இன்னும் யோசிப்போம்.

இளவேனில்:

அமைதி நிலை, பட்டியல் சலித்தல், வடிகட்டி மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். 1909 பதிவுக்கு 'விளம்பர விலக்கு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'டிஎன்டி என்று பேச்சில் சொல்வது' எனச் சேர்க்கிறேன். அருள்நம்பி ஐயாவின் மறுப்பும் மடலில் இருக்கட்டும், அடுத்த பதிப்புக்கு முன் படித்தவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

சந்திரா:

மனைக்காரர்மேல் புகார் அனுப்பினேன், பதிவு எண் வந்தது. கடன் செய்திக்கு 'வடிவம் தவறு' என்று பதில். தேதியை 14-06-2025 என்று எழுதிவிட்டேன். மறுபடி அனுப்பினால் ஏழு நாள் கணக்கு எதிலிருந்து?

வளர்மதி:

செய்தி வந்த நாளிலிருந்தேதான் அம்மா. இன்றே அனுப்புங்கள், சாய்கோடு போட்டு, ஆண்டுக்கு இரண்டு இலக்கம்.