பார்வையற்ற மாணவருக்கு மேப், கேலிச்சித்திரக் கேள்வியை எப்படி மாற்றுவது?

மலர்விழி: வணக்கம். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் வினாத்தாள் இந்த முறை என் தலையில். வகுப்பில் ஒரு மாணவன் பிறவியிலேயே பார்வையில்லாதவன், பிரெயிலில் படிப்பான், விடையைச் சொல்வான், ஸ்கிரைப் எழுதுவார். இன்னொரு மாணவிக்குக் கொஞ்சம் பார்வை உண்டு.

மூன்று கேள்விகளில் மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சுப் புரட்சி பற்றி 1789இல் வந்த கேலிச்சித்திரம் (முதுகில் இரண்டு பேரைச் சுமக்கும் விவசாயி), 3 மதிப்பெண். வெற்று மேப்பில் சூயஸ் கால்வாய், செங்கடல், நைல் என்று ஐந்து இடம் குறிப்பது, 5 மதிப்பெண். ஒரு பட்டை வரைபடம், 2 மதிப்பெண்.

போன தேர்வில் "படத்துக்குப் பதிலாக" என்று போட்டு, புரட்சி எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டுவிட்டேன். தாள் முடிந்து வெளியே வந்தவன், "மிஸ், எனக்கு மட்டும் ஏன் ஒரு வரிக் கேள்வி?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

செந்தில்: இதில் குழப்பமே இல்லை மேடம். படத்தை வார்த்தையில் எழுதிக் கொடுங்கள்: "வரிச்சுமையால் நசுங்கும் மூன்றாம் வகுப்பினரின் முதுகில், வரியே கட்டாத குருமாரும் பிரபுக்களும் சொகுசாக உட்கார்ந்திருக்கிறார்கள்." பட்டை வரைபடத்தை அட்டவணையாக்குங்கள். மேப்பை விட்டுவிடுங்கள், வேறு கேள்வி கொடுங்கள்.

ராஜம்: செந்தில் சார், விவரிக்கச் சொன்னது சரி. ஆனால் நீங்கள் எழுதியது விவரணை இல்லை, விடைக்குறிப்பு! "படம் என்ன சொல்கிறது?" என்று கேட்டால் அந்த வரியைத் திருப்பிச் சொன்னாலே 3 மதிப்பெண். பார்வையுள்ள பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

சிறப்பாசிரியராகப் பல வருடம் இதைத்தான் செய்கிறேன். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும், அதற்கு என்ன அர்த்தம் என்பதை எழுதக் கூடாது. நான் எழுதினால் இப்படி: "வயதான ஒருவர் குனிந்து, மண்வெட்டியை ஊன்றி நிற்கிறார். அவர் முதுகில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் சமயகுருவின் அங்கியில் இருக்கிறார். இன்னொருவர் இறகு வைத்த தொப்பி அணிந்து, இடையில் வாள் வைத்திருக்கிறார். குனிந்தவரின் பையிலிருந்து காகிதங்கள் எட்டிப் பார்க்கின்றன. தரையில் முயல்களும் பறவைகளும் பயிரைத் தின்கின்றன."

முயலை விட்டுவிடாதீர்கள். பிரபுக்களின் வேட்டைக்கென்று விடப்பட்ட பிராணிகளை விவசாயி விரட்டக்கூட முடியாது என்பதைப் பிடிக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். ஆனால் படத்தில் உள்ள எல்லாவற்றையும் அடுக்கவும் வேண்டாம். கேள்விக்குத் தேவையானதோடு, தேவைப்படாத ஒன்றிரண்டும் கலந்திருக்கட்டும். இல்லாவிட்டால் விவரணையே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்தாறு வாக்கியம் போதும், அதற்கு மேல் போனால் மனதில் நிற்காது.

எழுதி முடித்ததும் படத்தைப் பார்க்காத சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து விடை எழுதச் சொல்லுங்கள். பாடம் தெரியாதவருக்கே முழு மதிப்பெண் கிடைத்தால் விவரணை உளறிவிட்டது என்று அர்த்தம். பாடம் நன்றாகத் தெரிந்தவர் திணறினால் ஏதோ விடுபட்டிருக்கிறது.

அன்பு அப்பா: என் பையனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும். அவனுக்கும் மாற்றுக் கேள்வி உண்டா?

ராஜம்: அதற்குக் கேள்வியையே மாற்ற வேண்டாம் ஐயா. வண்ணத்துக்குப் பதில் கோடு, புள்ளி, கட்டம் என்று நிரப்பி, ஒவ்வொரு பகுதியின் மேலும் பெயர் எழுதினால் போதும்.

கதிர்: நான் பார்வையற்றவன், பட்டம் முடித்துவிட்டேன். தொடு மேப் பற்றிச் சொல்கிறேன். தேர்வில்தான் அதை முதன்முதலாக என் கையில் கொடுத்தார்கள். கடற்கரைக் கோடு, எல்லைக் கோடு, நதி, அட்சரேகை எல்லாம் விரலுக்கு ஒரே மாதிரி. எது நிலம், எது கடல் என்று கண்டுபிடிக்கவே இருபது நிமிடம். அதற்குள் ஸ்கிரைப் மூன்று முறை "எழுதலாமா?" என்று கேட்டார். வருடம் முழுக்க வகுப்பில் தொட்டுப் பழகாத மேப்பைத் தேர்வில் கொடுப்பதைவிட, கொடுக்காமலே இருக்கலாம்.

மலர்விழி: கதிர் சொன்னது சுருக்கென்றது. நான் அட்லஸை அப்படியே நகலெடுத்து, சூட்டில் கறுப்புக் கோடு புடைத்துக்கொள்ளுமே, அந்தத் தாளில் போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

ராஜம்: அட்லஸ் நகல் வேண்டவே வேண்டாம். புதிதாக வரையுங்கள். கடற்கரை ஒரு தடிமன், நதி வேறு வகைக் கோடு, இடங்களுக்குப் புள்ளி, அவ்வளவுதான். கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே 3 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும். பிரெயில் எழுத்தைச் சுருக்க முடியாது. ஒரு எழுத்துக்கே இடைவெளியோடு அகலம் 6, உயரம் 10 மில்லிமீட்டர் போய்விடும். அதனால் மேப்பில் எண் மட்டும், பெயர்ப் பட்டியல் தனித்தாளில். சூயஸ் கால்வாயை அளவுப்படி வரைந்தால் தெரியவே தெரியாது, கொஞ்சம் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் பையன் தொடு மேப்பில் பழகவில்லை என்றால் இந்த முறை வார்த்தைக் கேள்விதான் நியாயம். அங்கும் "சூயஸ் கால்வாய் எந்த நாட்டில் உள்ளது?" என்று கேட்டுவிடாதீர்கள், அது வெறும் மனப்பாடம். மேப் கேள்வி சோதிப்பது, எது எதற்குப் பக்கத்தில், எந்தத் திசையில் என்பதை. "மத்தியதரைக் கடலிலிருந்து சூயஸ் கால்வாய் வழியாகத் தெற்கே போகும் கப்பல் அடுத்து எந்தக் கடலில் நுழையும்? அந்தக் கடலில் போகும்போது வலப்பக்கம் எந்தக் கண்டம், இடப்பக்கம் எது?" என்று கேளுங்கள். செங்கடல், ஆப்பிரிக்கா, ஆசியா. இதற்கே 3 மதிப்பெண். மீதி 2: "நைல் எந்தத் திசையில் ஓடி எந்தக் கடலில் கலக்கிறது?" வடக்கு நோக்கி என்று சொல்ல மேப் மனதில் இருந்தாக வேண்டும். மேலிருந்து கீழே, அதாவது தெற்கேதான் நதி ஓடும் என்று நினைக்கிற பிள்ளைகள் பார்வையுள்ளவர்களிலும் நிறைய.

செந்தில்: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மேப் கேள்வி மற்றவர்களுக்கு வந்ததைவிடக் கஷ்டமாகிவிட்டதே? அவர்கள் புள்ளி வைத்துவிட்டுப் போகிறார்கள், இவன் கப்பலைத் திருப்ப வேண்டும்.

ராஜம்: அது நியாயமான சந்தேகம், எனக்கும் உண்டு. சில நேரம் இந்தக் கேள்வியை எல்லோருக்குமே 'அல்லது' போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கதிர்: அட்டவணை பற்றி ஒன்று. ஸ்கிரைப் "12, 18, 9..." என்று வாசித்துக்கொண்டே போனால் எது எந்த ஆண்டு என்று தெரியாது. ஒவ்வொரு எண்ணோடும் ஆண்டைச் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்து வரிக்குள் இருந்தால் நல்லது. கேள்வி "எவ்வளவு கூடியது?" என்றால் வித்தியாசத்தை அட்டவணையிலேயே போட்டுவிடாதீர்கள், அந்தத் தவறையும் பார்த்திருக்கிறேன்.

மலர்விழி: நன்றி. மாணவிக்குத் தாளை ஏ4இலிருந்து ஏ3 ஆகப் பெரிதாக்கினால் போதுமா?

ராஜம்: ஏ3 ஆக்கினால் 12 புள்ளி எழுத்து 17 தான் ஆகும். சாம்பல் நிழல் நகலில் இன்னும் கலங்கும். மேப்பை வெள்ளைத் தாளில் தடித்த கறுப்புக் கோட்டில் தனியே வரைந்து, பெயர்களை 18க்கு மேல் வையுங்கள். பார்வைப் பரப்பு குறுகலாக இருந்தால் பெரிய தாள் தொல்லைதான், முழு மேப்பும் ஒரே பார்வையில் விழாது. எந்த அளவு சரி என்று அவளிடமே கேளுங்கள், ஒரு நாள் வகுப்பில் மூன்று அளவில் காட்டிப் பாருங்கள்.

மலர்விழி: கேட்கிறேன். இன்னும் ஒன்று. உங்கள் விவரணையில் "சமயகுருவின் அங்கி" என்றே போட்டிருக்கிறீர்கள். உடையை வைத்து அவர் யார் என்று சொல்வதற்கே என் விடைக்குறிப்பில் 1 மதிப்பெண் வைத்திருக்கிறேன்.

ராஜம்: அப்படியானால் "நீண்ட அங்கி" என்று மட்டும் போட்டுப் பாருங்கள். ஆனால் அங்கி யார் உடை என்று பார்த்தே அறியாத பையனுக்கு அது என்ன துப்பு கொடுக்கும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கதிர்தான் சொல்ல வேண்டும்.

கதிர்: எனக்குக் கொடுக்காது. அந்த 1 மதிப்பெண்ணை வேறு எதற்காவது மாற்றுங்கள் மேடம்.